வேலை போனால் அந்த அட்டையும் போகும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது பெரிய சந்தோஷம், அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். எனக்கு ஷிப்ட் மாறியிருக்கிறது, அதனால்தான் பதில் தாமதம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வேலை செய்யும் நாட்டில் கட்டாய மருத்துவக் காப்பீடு இருக்கும்போது சொந்த நாட்டு பாலிசிக்கும் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும், வருஷத்துக்கு ஒரு மாத லீவில்தானே போகிறோம் என்று எழுதியிருந்தாய். கட்டாயக் காப்பீட்டை விட்டுவிட உனக்கு வழியே இல்லை. விசாவும் வேலை அனுமதியும் அதோடு கட்டிப்போட்டவை, வேறு நாட்டு பாலிசியைக் காட்டினால் ஏற்றுக்கொள்வது அபூர்வம். ஆகவே பழைய பாலிசியைத் தொடர்வதா, விடுவதா என்பதுதான் கேள்வி. அதை லீவு நாட்களை மட்டும் வைத்து முடிவு செய்யாதே.

உன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 41 வயதில் அந்தப் பாலிசி எடுத்தாய். 45-இல் சர்க்கரை இருப்பது தெரிந்தது. பாலிசி எடுத்த பிறகு வந்த நோய் என்பதால், நீ இடைவெளி விடாமல் கட்டிவரும் வரை அதனால் வரும் சிகிச்சையும் பொதுவாக அதில் அடங்கும். இப்போது 47-இல் விட்டுவிட்டு, 50 வயதில் ஒப்பந்தம் முடிந்து திரும்புகிறாய் என்று வை. வேலை செய்யும் நாட்டில் கொடுத்த காப்பீட்டு அட்டை வேலையோடு சேர்ந்தது, வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது. புதிதாக விண்ணப்பம் போடும்போது சர்க்கரையைச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் பிறகு கிளெய்மையே மறுப்பார்கள். சொன்னால் அது ஏற்கெனவே இருந்த நோய் ஆகிவிடும். அதற்குக் காத்திருப்புக் காலம் சில வருடங்கள் ஓடும். 3 வருடம் என்று வைத்தால்கூட 53 வயது வரை சர்க்கரை சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு உன் கைக்காசுதான். பிரீமியத்தைக் கூட்டலாம், விண்ணப்பத்தையே தள்ளவும் செய்யலாம். 3 வருடப் பிரீமியத்தை மிச்சம் பிடிப்பதற்கு இது அதிக விலை என்றுதான் எனக்குப் படுகிறது.

நீயே 28 வயதில், நோய் நொடி இல்லாமல் இருந்தால் விடு என்றே சொல்லியிருப்பேன். லீவு நாட்களுக்கு மட்டும் ஒரு பயணக் காப்பீடு போதும். ஆனால் அதிலும் உன் சர்க்கரை மாதிரி பழைய நோய்கள் பெரும்பாலும் சேராது.

இங்குள்ள காப்பீடே லீவிலும் செல்லும் என்று உன் கம்பெனியில் சொன்னார்களாமே. அது பாதி உண்மையாக இருக்கலாம். பாலிசி அட்டவணையில் எந்த நாடுகளில் செல்லும் என்று ஒரு வரி இருக்கும், பக்கத்திலேயே ‘அவசர சிகிச்சை மட்டும்’ என்று இருக்கிறதா பார். என்னோடு தங்கியிருந்த ஒருவர் லீவில் போனபோது பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். வலியோடு போனது உண்மை. ஆனால் ஒரு வாரம் கழித்துத் தேதி குறித்துச் செய்ததால், ‘முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை’ என்று கிளெய்மைத் திருப்பிவிட்டார்கள். மூட்டையளவு பில் வைத்திருந்தும் ஒரு காசு வரவில்லை. அவசரம் என்றே ஒத்துக்கொண்டாலும் பெரும்பாலும் முதலில் நீ கட்டிவிட்டுப் பிறகுதான் வாங்க முடியும். டிஸ்சார்ஜ் சம்மரி, வரிவரியாகப் பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, பயணத் தேதி காட்டும் பாஸ்போர்ட் முத்திரை எல்லாம் கெடு முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

பழைய பாலிசியைத் தொடர்வது என்று முடிவு செய்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை விசாரி. சில பாலிசிகள், தொடர்ச்சியாக இத்தனை நாளுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தால் செல்லாது என்று சொல்லும். இது தெரியாமல் வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். நீ வெளிநாட்டில் வேலை செய்வதைச் சொல்லி, பாலிசி செல்லுமா, லீவில் வரும்போது சிகிச்சைக்குக் கொடுப்பீர்களா என்று மின்னஞ்சலில் கேள். ஏஜென்ட் போனில் சொல்வது போதாது, கம்பெனியின் பதில் எழுத்தில் வேண்டும்.

அப்படியே, பாலிசியை நிறுத்தி வைக்க வழி உண்டா என்றும் கேள். ஜெர்மனியில் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிறு தொகை கட்டிவந்தால் திரும்பும்போது பழைய உரிமையோடு தொடரலாம், ஆனால் நிறுத்தி வைத்த நாட்களில் சிகிச்சைக்குக் கிடைக்காது. எல்லா நாட்டிலும் இது இல்லை. உனக்கு இல்லையென்றால் காப்புத் தொகையைக் குறைத்துப் பிரீமியத்தை இறக்கிக்கொள்ளலாம். பின்னால் கூட்டும்போது, கூட்டிய பகுதிக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம், அந்தப் பாலிசியில் உன் மனைவியும் இருப்பதாகச் சொன்னாய். உன் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் நீ இதுவரை இடைவெளி விடாமல் கட்டிவந்த வருஷக் கணக்குதான் அழியும். அவர்களுக்கு எப்படியும் கட்டத்தான் போகிறாய், அதில் நீயும் சேர்ந்திருக்க ஆகும் கூடுதல் தொகை எவ்வளவு என்று தனியாகக் கேட்டுப் பார். அந்தத் தொகையை வைத்துத்தான் நீ முடிவு செய்ய வேண்டும், மொத்தப் பிரீமியத்தை வைத்து அல்ல.

புதுப்பிக்கும் தேதி என்றைக்கு என்று எழுதவில்லையே. அது தாண்டிவிட்டால் கொஞ்ச நாள் அவகாசம் தருவார்கள், அதற்குள் நோய் வந்தால் சிகிச்சைக்குப் பணம் தர பல கம்பெனிகள் கையை விரிக்கும். தேதியை உடனே எழுது, பாலிசி அட்டவணையையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்