உன் விசிட்டிங் கார்டு பற்றி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய கார்டு டிசைனைப் பார்த்தேன். போனில் விரித்துப் பார்த்தால் எந்தக் கார்டும் அழகாகத்தான் தெரியும். அதனால் ‘Actual size’ என்று வைத்துப் பிரிண்ட் எடுத்து, மூன்றரைக்கு இரண்டு அங்குலமாக வெட்டி அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டும் போன் நம்பரைப் படிக்க ஜன்னல் பக்கம் போனாள். உன் கிளினிக்குக்கு முட்டிவலி, கழுத்துவலி என்று வரப்போகிறவர்களில் நிறையப் பேர் அம்மா வயதுக்காரர்கள்தானே. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது கார்டின் மேல் பாதியை லோகோவும் கிளினிக் பெயரும் எடுத்துக்கொண்டன. அடுத்து சிகிச்சைப் பட்டியல். உன் பெயர் அதற்குக் கீழே, நம்பர் மூலையில். பல மாதம் கழித்து மேஜை டிராயரிலிருந்து இதை எடுப்பவர் யார் கார்டு, எதற்கு வாங்கினோம், எந்த நம்பர் என்றுதான் தேடுவார். கிளினிக் பெயரோ புதிது, அதை வைத்து பிசியோதெரபி என்று யாருக்கும் புரியாது. அதனால் உன் பெயரை மேலே கொண்டுவா. அதை ஒட்டியே ‘பிசியோதெரபிஸ்ட்’, பக்கத்தில் சின்னதாகப் பட்டம். கொஞ்சம் இடம் விட்டு நம்பர். கிளினிக் பெயரும் விலாசமும் அதற்குப் பிறகு போதும். விலாசத்தில் கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் ஓர் அடையாளம், ஊர், இவ்வளவும் இரண்டு வரியில் அடங்கிவிடும்.

நம்பர் ஒன்று மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப்புக்கும் அதுவேதான் என்பதால் இரண்டாம் முறை போட வேண்டாம். பத்து இலக்கத்தையும் ஒட்டிப் போடாமல் ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போடு. பார்த்து டயல் பண்ணுகிறவர் தப்பு விடமாட்டார்.

எழுத்து அளவுக்கு வருகிறேன். நம்பரை 6 பாயிண்டில், வெளிர் சாம்பல் நிறத்தில் வைத்திருக்கிறாய். ஆஃப்செட்டில் சாம்பல் என்று தனி மை பெரும்பாலும் போடமாட்டார்கள். கறுப்பைப் புள்ளி புள்ளியாக அடித்துத்தான் அந்த நிறத்தை வரவழைப்பார்கள். பொடி எழுத்தில் அந்தப் புள்ளிகள் ஓரத்தை அரித்துவிடும், எழுத்து மங்கலாகத் தெரியும். படிக்க வேண்டிய எதுவும் முழுக் கறுப்பில் இருக்கட்டும். நம்பர் 11, பெயர் 14, விலாசம் 8 பாயிண்ட் என்று ஆரம்பித்துப் பார். தமிழ் வரிகளை ஆங்கிலத்தைவிட ஒரு பாயிண்ட் கூட்டி வை. ‘ண’, ‘ஞ’ மாதிரி எழுத்துகளின் சுழிக்குள் மை அடைத்துக்கொண்டால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

பேப்பர் விஷயத்தில்தான் உன்னோடு எனக்குப் பெரிய வேறுபாடு. இரண்டு பக்கமும் பளபள லேமினேஷன் கேட்டிருக்கிறாய். அடுத்த சிட்டிங் தேதியையும் நேரத்தையும் கார்டுக்குப் பின்னால்தான் எழுதிக் கொடுக்கப்போவதாக நீதானே சொன்னாய்? அந்தப் பிளாஸ்டிக் மேல் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், ஜெல் பேனா மை விரல் பட்டதும் இழுவிவிடும். சரி, முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் திறந்திருக்கும் பக்கம் ஈரத்தை இழுத்துக்கொள்ள, மழைக்காலத்தில் கார்டு வளையும். லேமினேஷனே இல்லாமல், கோட்டிங் இல்லாத 300 ஜிஎஸ்எம் அட்டையில் போடு. கைக்குக் கனமாகவும் இருக்கும், பேனாவும் நன்றாக ஓடும். ஆனால் ஒன்று, அந்த அட்டை மையை உறிஞ்சும். உன் பச்சை நிறம் திரையில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மங்கும், எழுத்தும் ஒரு நூல் தடிக்கும். சீக்கிரம் அழுக்காகும் என்பதும் உண்மைதான். அதற்காக ஒரே தடவையில் நிறைய அடித்து வைக்காதே.

எழுத்தைப் பெரிதாக்கினால் கார்டு நெருக்கிக்கொள்ளுமே என்று கேட்பாய். நெருக்கத்துக்குக் காரணம் எழுத்தின் அளவு இல்லை. ஒன்பது சிகிச்சைப் பெயர்கள், லேண்ட்லைன், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் சேர்ந்துதான் இடத்தை அடைக்கின்றன. பட்டியலை கிளினிக் போர்டில் எழுது, மற்றதையும் எடுத்துவிடு. மிஞ்சுகிற இடத்தை எல்லா வரிக்கும் சமமாகப் பங்கு போடாதே. பெயரும் தொழிலும் ஒட்டி நிற்கட்டும், நம்பருக்கு மேலும் கீழும் தாராளமாக இடம் விடு. ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் எழுத்து வரவேண்டாம்.

சுற்றிலும் ஒரு மெல்லிய கட்டம் போட்டிருக்கிறாயே, அதையும் எடு. கட்டிங் மெஷினில் அடுக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் இடைவெளி கூடி இன்னொரு பக்கம் குறையும். அச்சகத்தில் இருந்த காலத்தில் பார்டர் போட்ட கார்டு வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நல்லா அடித்த கார்டும் கோணலாகத் தெரியும்.

மாற்றியதும் ஃபைலை அனுப்பு. அச்சகத்தில் ஆர்டர் கொடுக்கும்போது, அதே அட்டையில் ஒரு மாதிரி அடித்துத் தரச் சொல். அதன் பின்பக்கம் நீ வழக்கமாக எழுதும் பேனாவால் ஒரு தேதி எழுதி, உடனே விரலால் தேய்த்துப் பார். இழுவவில்லை என்றால் மொத்தத்தையும் அடிக்கச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா