கண்மாய்த் திட்டம் முடிந்தபின் பலனை அளப்பது யார்? நிதி தரும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரத்தில் கண்மாய்களைச் சீரமைக்க நிதி ஒதுக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் மானாவாரிக் கண்மாய்களில் பாசனம் பெறும் விவசாயிகளின் ஆயக்கட்டுச் சங்கங்களோடு வேலை செய்கிறவன் நான். உங்கள் பணத்தில் தூர் வாரிய கண்மாய்கள் இங்கே உண்டு. வேலை நன்றாகவே நடந்திருக்கிறது; என் கவலை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது.

கண்மாய் வறண்டு கிடக்கும் கோடையில்தான் மண் வெட்ட முடியும். ஆடி, ஆவணிக்குள் கரையைப் பலப்படுத்தி, மடையைப் பூசி, எத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்று எழுதி, படங்களோடு நிறைவு அறிக்கை கொடுத்துவிடுகிறார்கள். குழு கலைந்துவிடும். பொறியாளர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார், களப்பணியாளரின் ஒப்பந்தமும் முடிந்திருக்கும். அந்த அறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். தூர் வாரியதால் பலன் உண்டா என்பது ஜனவரியில், நெல் பால் பிடிக்கிற நேரத்தில்தான் தெரியும். அப்போது பார்ப்பதற்கு ஆள் இல்லை.

2021-ல் திருத்திய விதிகளின்படி, சமூகப் பொறுப்புக்குச் சராசரியாக ஆண்டுக்கு 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்கள், 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கு, அவை முடிந்து ஓராண்டாவது ஆனபின் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். ஒரு சிற்றூர்க் கண்மாயின் வேலை பெரும்பாலும் அந்தத் தொகையைத் தொடாது. ஆகவே இது உங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தும் விஷயம் அல்ல. நீங்களாக முடிவு செய்ய வேண்டியது.

என் கோரிக்கை இதுதான். வேலை தொடங்கும் முன்பே, ஒப்பந்தத்தோடு ஒரு பக்கத் தாள் இணையுங்கள். பலனைக் காட்டும் இரண்டு மூன்று குறியீடுகள், இன்றைய நிலை, எதிர்பார்க்கும் நிலை, எந்த மாதம் பார்ப்பது, யார் பார்ப்பது என்று அதில் இருக்கட்டும். 'விவசாயிகளின் வாழ்வாதாரம் மேம்படும்' என்பது போன்ற வரியை யாராலும் அளக்க முடியாது.

எதை அளப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் வெட்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகாது. ஆடு மாடு குடிக்கும், பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறும். நல்லதுதான், ஆனால் பாசனம் கூடாது. கன மீட்டர் கணக்கில் அந்தப் பள்ளமும் சேர்ந்துவிடும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வெட்டிய மண்ணில் மடைமட்டத்துக்கு மேல் எவ்வளவு, கீழ் எவ்வளவு என்பது. பெரும்பகுதி கீழே என்றால் கிணற்று மட்டத்தை அளக்க வேண்டும். மேலே என்றால் வயலை.

ஒரு கணக்குக்கு 90 ஏக்கர் ஆயக்கட்டு உள்ள கண்மாயை வைத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டுகளில், கண்மாய் நிறைந்தும்கூட, பொங்கலோடு மடையில் தண்ணீர் நின்றுவிடும். கடைமடையில் 30 ஏக்கர்க்காரர்கள் கடைசி இரண்டு நனைப்புக்குப் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் மணிக்கணக்கில் தண்ணீர் வாங்குவார்கள். இந்தக் கண்மாய்க்கு இரண்டு குறியீடு போதும். மடைமட்டத்துக்கு மேல் ஓர் அடித் தண்ணீராவது நின்ற கடைசி நாள் எது? இலக்கு, பிப்ரவரி 10. கடைமடை 30 ஏக்கரில் தண்ணீர் வாங்காமல் அறுவடைக்கு வந்தது எத்தனை ஏக்கர்? இலக்கு, 20.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மடைச் சுவரில் அடி, அங்குலக் கோடுகள் வரைந்து, மடைமட்டத்தைச் சுழியமாக வைத்தால் சரி. மடையைத் திறந்து மூடும் ஊர் நீர்க்கட்டி எப்படியும் தினமும் மடைக்குப் போகிறவர். திங்கள்தோறும் அந்தக் கோட்டைப் பார்த்து நோட்டில் தேதியும் அளவும் எழுதுவார். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நாளையும் எழுதுவார். நான் பார்த்த ஒரு நோட்டில் எண்களுக்கு நடுவே 'ஓடையில் அடைப்பு, தண்ணி தெற்கே திரும்புது' என்று ஒரு வரி இருந்தது. எந்த நிறைவு அறிக்கையிலும் அந்த வரி கிடைக்காது.

பொறுப்பை ஆள் பெயரில் எழுதாதீர்கள்; திட்டம் முடிந்த பிறகும் ஊரில் இருக்கும் பொறுப்பின் பெயரில் எழுதுங்கள். நோட்டு எழுதுவது நீர்க்கட்டி, கடைமடையைச் சுற்றிப் பார்ப்பது ஆயக்கட்டுச் சங்கச் செயலாளர், அதைப் பெற்றுக்கொள்வது உங்கள் அலுவலகத்தில் இன்ன பதவி. அப்போது யார் மாறினாலும் வேலை நிற்காது.

சரி, எண் குறைவாக வந்தால் என்ன பொருள்? பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லாக் கண்மாயும் நிறையும், அதைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடுவார்கள். மழை பொய்த்த ஆண்டில் திட்டமே தோல்வி என்பார்கள். இரண்டும் தவறு. அதே ஓடைத் தொடரில் தூர் வாராத இன்னொரு கண்மாயையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுமே நிறையவில்லை என்றால் மழைதான் காரணம்; தீர்ப்பை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வையுங்கள். அது நிறைந்து உங்களுடையது நிறையவில்லை என்றால் வரத்துக் கால்வாயில் சிக்கல்: சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், அல்லது யாரோ வரப்பை நகர்த்தியிருப்பார்கள். உங்களுடையது நிறைந்தும் பொங்கலுக்கே தண்ணீர் தீர்ந்தால் மடைக் கதவு கசிகிறது, அல்லது மண்ணை மடைமட்டத்துக்குக் கீழேதான் எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் நின்றும் கடைமடைக்கு வரவில்லை என்றால் வயல் வாய்க்காலும் முறைப் பங்கீடும்தான் பிரச்சினை. அதைச் சங்கம்தான் பேசித் தீர்க்க வேண்டும். குறை எங்கே என்று தெரிந்தால், சின்னச் செலவில் சரிசெய்யலாம்.

தொடக்க நிலையை வேலைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில், எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்பது பசலிவாரியாக, அதாவது வருவாய் ஆண்டுவாரியாக இருக்கும். மூன்று பசலிக்கு அதைப் பார்த்தாலே ஒரு அடிப்படை கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அடங்கலில் கண்மாய்ப் பாசனம் என்று இருக்கும் நிலத்தில் கடைசி நனைப்பு விலைக்கு வாங்கியதாக இருக்கலாம். கடைமடைக்காரர்கள் நாலைந்து பேரை உட்கார வைத்துக் கேட்டால் எந்த வருடம் எத்தனை நனைப்பு வாங்கினார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் பணம். நீர்க்கட்டிக்கு மதிப்பூதியம், இரண்டு பருவத்துக்கு ஒருவர் வந்துபோகும் செலவு, கசிவோ அடைப்போ தெரிந்தால் சரிசெய்ய ஒரு சிறு தொகை. இதைத் திட்ட மதிப்பீட்டிலேயே தனி வரியாகப் போட்டு, இரண்டாவது அறுவடை முடியும்வரை செலவிட முடியாதபடி சங்கக் கணக்கில் நிறுத்தி வையுங்கள். திட்டத்தை மூடிய பிறகு கேட்டால், அந்தத் தலைப்பே இல்லை என்று உங்கள் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

இந்தக் கோடையில் வேலை முடிந்த கண்மாய்களுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. முதல் மழைக்குள் மடைச் சுவரில் கோடு போட்டு, நீர்க்கட்டி கையில் ஒரு நோட்டும், அதைப் பார்க்க ஜனவரியில் வரப்போகிறவரின் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆயக்கட்டுச் சங்கப் பணியாளர்