இரண்டு வெளிச்சத்திலும் படத்தைப் பாருங்கள்: குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருவல்லிக்கேணியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். உங்கள் விற்பனைத் தளத்தில் நான் வாங்கிய இரண்டு டோனர் கார்ட்ரிட்ஜுகளும் போலி என்று கொடுத்த புகாரை, "படத்தில் குறைபாடு தெரியவில்லை" என்ற ஒரே வரியோடு மூன்றாம் முறையும் மூடிவிட்டீர்கள். மற்ற விவரங்கள் உங்கள் கோப்பில் இருப்பதால் அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை.

முதல் பெட்டியைப் பிரித்து மாட்டிய மறுநாளே தூள் கசிந்து டிரம் கெட்டுப்போனது. அன்று மாலை, விடிந்தால் தேர்வு என்ற நிலையில் வந்த ஒரு மாணவிக்கு நான் எடுத்துக் கொடுத்த ஹால் டிக்கெட்டில், அவருடைய புகைப்படத்தின் மேலேயே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை விழுந்தது. நான்கு முறை எடுத்துப் பார்த்தும் அந்தப் பட்டை போகவில்லை. அவரும் அவர் தாயாரும் இரவு எட்டு மணிக்கு வேறு கடை தேடிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரிக்காத இரண்டாவது பெட்டியின் லேபிளைப் புற ஊதா டார்ச் அடித்துச் சோதிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதல் புகாரோடு அனுப்பிய படம் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மலிவான 395 நானோமீட்டர் டார்ச் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டுவதால், படம் முழுவதும் ஊதாவாகிவிட்டது. அடுத்த இரண்டு முறையும், முகப்பில் கறுப்பு வடிகண்ணாடி உள்ள 365 நானோமீட்டர் டார்ச்சைப் பயன்படுத்தினேன். கடை விளக்குகளை அணைத்து, கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, ஃபிளாஷை நிறுத்தி, கேமரா தானாக நிறத்தை மாற்றாதபடி வெண்சமநிலையைப் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டி, இடம் மாற்றாமல் சாதாரண விளக்கில் ஒன்றும் புற ஊதா ஒளியில் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் சந்தேகத்துக்குரிய பெட்டி, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் முன்பு வாங்கிய அதே மாடலின் பெட்டி, ஒரு துண்டு ஏ4 தாள் ஆகிய மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஏ4 தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் சாயம் புற ஊதா ஒளியில் நீலவெள்ளையாக மின்னும் என்பதால், டார்ச்சும் கேமராவும் சரியாக வேலை செய்தனவா என்பதை அந்தத் துண்டே காட்டிவிடும்.

பழைய பெட்டியின் பாதுகாப்பு லேபிளில் தாள் மங்கி இருளாகவே இருக்க, பகலில் கண்ணுக்குத் தெரியாத குறி மட்டும் கூரான கோடுகளாக ஒளிர்கிறது. புதிய பெட்டியிலோ லேபிள் முழுவதும் ஏ4 தாளைப் போலவே மின்னுகிறது. குறி அதில் பாதி மறைந்துபோக, படத்தைப் பெரிதாக்கினால் அதன் கோடுகள் ஓரம் ஊறிய புள்ளிகளாக உடைகின்றன. லேபிளின் இடது விளிம்பை ஒட்டி வெளிர்நீலக் கோந்துக் கோடு ஒன்று ஓடுகிறது. அதற்கு வெளியே, சற்றுக் கோணலாக, வேறொரு லேபிள் முன்பு ஒட்டியிருந்த இடத்தின் மூலை தெரிகிறது. சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இவற்றில் எதுவும் தெரியாது. நீங்கள் பார்த்தது அந்த ஒரு படத்தை மட்டும்தானோ என்று அஞ்சுகிறேன்.

தாள் மின்னுவது மட்டுமே போலிக்குச் சான்றாகாது என்பதும் எனக்குத் தெரியும். நிறுவனமே ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையில் தாளை மாற்றக்கூடும். சோப்புத்தூளில் துவைத்த துணியின் நூலிழைகூட இந்த ஒளியில் மின்னும் என்பதால், பெட்டியைத் தூரிகையால் துடைத்துவிட்டு மீண்டும் படம் எடுத்தேன். இரண்டு மின்னும் இழைகள் காணாமல் போயின; கோந்துக் கோடு போகவில்லை. தாள், குறி, கோந்து ஆகிய மூன்றும் ஒன்றையே சொல்வதால்தான் புகார் கொடுத்தேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: இரண்டு வெளிச்சத்திலும் எடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லுங்கள். உங்கள் புகார்ப் பக்கம் படங்களைச் சுருக்கிவிடுவதால் புள்ளிகளும் கோந்துக் கோடும் கரைந்துவிடுகின்றன; மூலக் கோப்பை அனுப்ப ஒரு வழி செய்யுங்கள். விற்றவரிடம் ஒரு படமும் கேட்காமல், வாங்கி ஏமாந்தவனிடம் மட்டும் மூன்று முறை சான்று கேட்டு மூன்று முறையும் அதைத் திறந்து பார்க்காமல் விடுவது எந்த வகை நியாயம்? 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. நான் முதல் புகார் கொடுத்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். இரண்டு வெளிச்சத்திலும் பாருங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது பெட்டியை முத்திரை பிரிக்காமல், வெயில் படாமல், கறுப்பு உறையில் வைத்திருக்கிறேன். உங்கள் சார்பில் யாரேனும் மாலை ஏழு மணிக்கு மேல் கடைக்கு வந்தால், விளக்கை அணைத்து அவர் கையிலேயே டார்ச்சைக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை