ஐந்து ரதங்களும் அறுபத்தேழு சொற்களும்

அன்புள்ள பாலு,

நலம். வீட்டிலும் எல்லோரும் சுகம். அனுவின் கல்யாணப் படங்கள் வந்து சேர்ந்தன. வரதன் அந்தச் சட்டையை இன்னும் விடவில்லை என்பதையும் கவனித்தேன். மூன்று மாதமாகப் பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டியிருந்தாய், அது நியாயம்தான். ஆனால் இப்போது எழுதுவது அதற்காக அல்ல. நீ அனுப்பிய மாமல்லபுரக் கையேட்டில் நாலாம் பக்கத்துப் பத்தி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தகவலில் பெரிய பிழை இல்லை. ஐந்து ரதங்களையும் நீ நன்றாகப் பார்த்திருக்கிறாய் என்பது தெரிகிறது. ஆனால் கல்லூரிப் பையன் ஒருவன் வெயிலில் நின்று அதைப் படித்தால் எந்த ரதம் எங்கே நிற்கிறது என்று அவனுக்குப் புரியாது. நீ எழுதியதை அப்படியே கீழே தருகிறேன். சத்தமாக ஒரு தடவை படி.

"மாமல்லபுரத்தின் தென்பகுதியில் அமைந்துள்ள ஐந்து ரதங்கள் எனப்படும் ஒற்றைக்கல் கோயில்களானது, திரௌபதி ரதம், அர்ஜுன ரதம், பீம ரதம், தர்மராஜ ரதம் மற்றும் நகுல சகாதேவ ரதம் போன்றவைகளை உள்ளடக்கியதாகவும், இவற்றில் குடிசை வடிவில் வடிவமைக்கப்பட்டு துர்க்கை சிற்பம் செதுக்கப்பட்டுள்ள திரௌபதி ரதமும், அதே மேடையில் அமைக்கப்பட்டுள்ள அர்ஜுன ரதமும், நீள்சதுர வடிவில் வண்டிக்கூடு போன்ற கூரையுடன் காணப்படும் பீம ரதமும், மூன்று நிலைகளுடன் மிகவும் உயரமாக உருவாக்கப்பட்டுள்ள தர்மராஜ ரதமும், யானையின் பின்புறம் போன்ற வடிவில் அமைக்கப்பட்டுள்ள நகுல சகாதேவ ரதமும் அனைத்தும் பல்லவ மன்னர்களால் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கதாகும்."

எங்கே மூச்சு விட்டாய்? மொத்தம் 67 சொற்கள், ஒரே ஒரு முற்றுப்புள்ளி. நம் மொழியில் வினை கடைசியில் வரும். அதனால் வாக்கியத்துக்குள் பட்டியல் நீள நீள, படிப்பவன் அத்தனையையும் கையில் ஏந்திக்கொண்டு வினைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் காத்திருந்தவனுக்குக் கடைசியில் கிடைப்பது "குறிப்பிடத்தக்கதாகும்". பாலு, குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிட்டிருக்கிறாய்! வாசு இருந்திருந்தால் சிவப்புப் பேனாவை உன் சட்டைப்பையில் சொருகிவிட்டுப் போயிருப்பான்.

முதல் வேலையாக ஒரு பென்சில் எடுத்து "பட்டு", "படும்", "பட்ட" எல்லாவற்றையும் வட்டமிடு. எட்டு வரும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேலையே இல்லை. "குடிசை வடிவில் வடிவமைக்கப்பட்டு" என்பதில் வடிவம் இரண்டு முறை வந்துவிட்டது. "கூரையுடன் காணப்படும்" என்றால் காண்பது யார்? கூரை இருக்கிறது, அவ்வளவுதான். "அமைக்கப்பட்டுள்ள" என்பதை "நிற்கும்" என்று மாற்றினால் பாதிச் சுமை இறங்கிவிடும், படமும் கண்ணில் விழும்.

செய்வினையாக எழுது என்றவுடன் "அப்படியானால் செய்தவன் பெயரைப் போட வேண்டுமே" என்று நீ கேட்பாய். அந்தக் கேள்வியை அவசரப்பட்டுத் தாண்ட முடியாது. கடற்கரைக் கோயில் பத்தியில் "இரண்டாம் நரசிம்மவர்மனால் கட்டப்பட்டதாகும்" என்று எழுதியிருக்கிறாய். அவனுக்கு ராஜசிம்மன் என்றும் பெயர். அங்கே தயங்காமல் "கடற்கரைக் கோயிலை ராஜசிம்மன் கட்டினான்" என்று போடு. கோயிலைப் பற்றிய பத்தி என்பதால் கோயில் முன்னால் நிற்க வேண்டும் என்று கவலைப்படாதே. ஒரு ஐகாரம் சேர்த்தால் போதும், கோயில் முன்னாலேயே நிற்கும், ராஜசிம்மனும் வினையோடு சேர்ந்துவிடுவான். தமிழில் இதற்குச் செயப்பாட்டு வினை தேவையே இல்லை.

ரதங்களில் அப்படிச் செய்ய முடியாது. பொதுவாக அவற்றுக்கு மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் பெயரைச் சொல்வார்கள். தொல்லியல் அறிஞர் நாகசாமி மாமல்லபுரம் முழுவதையும் ராஜசிம்மனுக்கே கொடுத்தார். செய்வினை ஆசையில் "மாமல்லன் செதுக்கினான்" என்று எழுதினால், தீராத வழக்குக்கு உன் கையேடு தீர்ப்புச் சொன்னதாகிவிடும். படிப்பவர்கள் அதை நம்பி மேற்கோள் காட்டுவார்கள். ஆள் தெரியாத இடத்தில் பொருளையே எழுவாயாக்கு: "ரதம் நிற்கிறது", "கூரை வளைந்திருக்கும்". இல்லையென்றால் பெயரெச்சத்தை எடுத்துக்கொள். "பாறையில் செதுக்கிய கோயில்" என்று நாம் பேசும்போதே சொல்கிறோம். "செதுக்கப்பட்ட" என்று யாரும் வாயால் சொல்வதில்லை, யார் செதுக்கியது என்று யாரும் கேட்பதும் இல்லை.

அடுத்து பட்டியல். ஐந்து பெயர்களையும் முதலில் வரிசையாகச் சொல்லிவிட்டு, பிறகு மறுபடி ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்கியிருக்கிறாய். முதல் பட்டியல் மட்டும் 14 சொற்கள். அதை முழுதாக எடுத்துவிடு. "ஐந்து" என்று எண்ணிக்கை சொன்னாலே படிப்பவன் ஐந்துக்குத் தயாராகிவிடுவான். "போன்றவைகளை" என்பது தவறான தகவலும்கூட. ஐந்தும் இவைதான் என்றால் "ஆகிய" என்று முடித்திருக்க வேண்டும். "போன்ற" என்றால் இன்னும் சில விட்டுப்போயிருக்கின்றன என்று பொருள். ஆறாவது ரதம் எங்கே என்று ஒருவன் தேடப் போகிறான்! "மற்றும்" வேண்டவே வேண்டாம். இரண்டு பொருள் என்றால் "உம்" சேர், அதற்கு மேல் என்றால் கமா போதும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்தியது "அனைத்தும் ஒரே கல்லில்" என்பதுதான். ஒவ்வொரு ரதமும் தனித்தனியே ஒற்றைக்கல் என்று சொல்ல நினைத்திருக்கிறாய். வாக்கியமோ ஐந்தும் ஒரே பாறை என்கிறது. நீண்ட வாக்கியத்தில் இந்த மாதிரிப் பிழை ஒளிந்துகொள்ளும். எழுதியவனுக்கே தெரியாது, ஏனென்றால் அவன் மனதில் சரியான பொருள் இருக்கிறது. வாக்கியத்தை வெட்டியதும் அது தனியாக வெளியே வந்து நிற்கும், "ஒவ்வொன்றும்" என்று தானாகவே திருத்தத் தோன்றும்.

நான் திருத்தியது இது:

"மாமல்லபுரத்தின் தெற்கே ஐந்து ரதங்கள் நிற்கின்றன. பல்லவர் காலத்துக் கோயில்கள் இவை. ஒவ்வொன்றும் ஒரே பாறையில் செதுக்கியது. வடக்கிலிருந்து வந்தால் முதலில் திரௌபதி ரதம். குடிசைக் கூரை, உள்ளே துர்க்கை. அதே மேடையில் அடுத்து நிற்பது அர்ஜுன ரதம். அதைத் தாண்டினால் பீம ரதம். நீளமானது, வண்டிக்கூடு போல் கூரை வளைந்திருக்கும். தென்கோடியில் தர்மராஜ ரதம். மூன்று நிலைகள் கொண்ட இதுதான் ஐந்திலும் உயரம். நகுல சகாதேவ ரதம் மட்டும் வரிசையை விட்டு மேற்கே தள்ளி நிற்கிறது. அதன் பின்பக்கம் யானை முதுகுபோல் வளைந்தது; பக்கத்திலேயே ஒரு கல்யானையும் நிற்கிறது."

எண்ணிப் பார்த்தேன்: 12 வாக்கியங்கள், 64 சொற்கள். உன்னுடையதைவிட மூன்றுதான் குறைவு. பத்தி சுருங்கவில்லையே என்று நினைக்காதே. காலியான இடத்தில் திசை வந்திருக்கிறது, நடக்கும் வரிசை வந்திருக்கிறது, உன்னிடம் இல்லாத யானையும் வந்திருக்கிறது. அந்த யானையை நீ விட்டது எனக்கு ஆச்சரியம், அதோடு போட்டோ எடுக்காத ஆள் உண்டா? எந்த வாக்கியமும் ஒன்பது சொல்லைத் தாண்டவில்லை. சில இடங்களில் வினையே இல்லை, கவனித்தாயா? "முதலில் திரௌபதி ரதம்" என்பது தமிழில் முழு வாக்கியம். அங்கே "ஆகும்" என்று ஒட்டுப் போட அவசியமே இல்லை.

இதைப் பார்த்து உற்சாகத்தில் எல்லாவற்றையும் வெட்டத் தொடங்கிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். "மட்டும்" என்பதை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். அதை எடுத்தால் நான்கும் ஒரே வரிசை, ஐந்தாவது தனி என்ற செய்தி போய்விடும். "முதலில்", "அடுத்து", "அதைத் தாண்டினால்" ஆகியவை படிப்பவனைக் கையைப் பிடித்து நடத்துகின்றன. அவற்றை நீக்கினால் பத்தி தந்தி மாதிரி ஆகிவிடும். ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பார். தகவல் குறைந்தால் திரும்ப வை, குறையாவிட்டால் அது போகட்டும். உன் "மிகவும்" அப்படித்தான் போனது. "ஐந்திலும் உயரம்" என்ற பிறகு "மிகவும்" எதற்கு?

குறுகிய வாக்கியங்களுக்கு இன்னொரு நோய் உண்டு. எல்லாமே "நிற்கிறது, நிற்கிறது" என்று முடிந்தால் மேளம் அடிப்பதுபோல் கேட்கும். ஒரு வாக்கியம் வினையில் முடிந்தால் அடுத்ததைப் பெயரில் முடி. நெருங்கிய இரண்டு செய்திகளை அரைப்புள்ளியில் சேர்த்துவிடு. யானையை நான் அப்படித்தான் சேர்த்தேன். கடைசி வாக்கியங்கள் இரண்டும் என்னிடமே "நிற்கிறது" என்று முடிகின்றன. பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், உன் காதுக்கு உறுத்தினால் மாற்று.

பெரிய சிற்பத் தொகுதி பற்றிய பத்தியில் "அர்ச்சுனன் தவம் எனக் கருதப்படுகிறது" என்று இருக்கிறது. அந்தத் தயக்கத்தை மட்டும் வெட்டாதே. அது வெற்றுச் சொல் இல்லை, கருத்து வேறுபாடு நிஜமாகவே இருக்கிறது. "இதை அர்ச்சுனன் தவம் என்பார்கள், கங்கை இறங்கும் காட்சி என்பாரும் உண்டு" என்று எழுதிவிடு. செய்வினையாகவும் ஆயிற்று, யாருக்கும் அநியாயமும் இல்லை.

குகைகள் பத்தியில் நான் கை வைக்கவில்லை. வராகர், மகிஷாசுரமர்த்தினி, ஆதிவராகர், சாளுவன்குப்பத்துப் புலிக்குகை என்று நாலையும் ஒரே மூச்சில் கட்டியிருக்கிறாய். அதிலும் புலிக்குகை ஊருக்கு வடக்கே கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறது. அதை மற்ற மூன்றோடு ஒரே வாக்கியத்தில் வைத்தால் ஜனங்கள் குன்றைச் சுற்றிச் சுற்றித் தேடுவார்கள். முதலில் அதைத் தனி வாக்கியமாகப் பிரி, பிறகு மற்றதைப் பார். புதன்கிழமைக்குள் அனுப்பினால் வியாழன் காலையில் திருப்பித் தருகிறேன். அச்சகத்தில் மணியிடம் நாலாம் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல், அவன் கத்துவான், கத்தட்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
சேகர்