வெளியே போகும் கடிதங்களில் எண், தேதி, கோப்புச் சேர்க்கை ஆகியவற்றைச் சீராக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
கடலோர மீனவர் சங்கம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

நாள்: 10.02.2025

பொருள்: அலுவலகங்களிலிருந்து அனுப்பப்படும் கடிதங்களில் நாள் விடுபடுவது, ஒரே எண்ணில் பல கடிதங்கள் போவது, எங்கள் கோப்பு அதனால் முடிக்கப்பட்டது – உரிய அறிவுரை வழங்கவும் கோப்பை மீண்டும் எடுக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரில் தலைமுறைகளாக வலை காயவைக்கும் கடற்கரைப் புறம்போக்கை அளந்து, அதற்கு எல்லைக்கல் நட்டுத் தர வேண்டுமென்று 2023 நவம்பரில் ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அந்த மனு 2024 ஆகஸ்டில் முடித்துவைக்கப்பட்டது. நிலத்தைப் பற்றிய காரணம் எதுவும் ஆணையில் சொல்லப்படவில்லை. கேட்ட ஆவணங்களைக் காலத்தில் தரவில்லை என்பது மட்டுமே காரணமாக உள்ளது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல்கள் வாங்கிப் பார்த்த பிறகுதான், கடிதங்கள் வெளியே அனுப்பப்பட்ட விதத்தில் கோளாறு இருப்பது தெரிந்தது. எந்த ஊழியர் மீதும் புகார் சொல்ல நாங்கள் வரவில்லை. அதனால் அலுவலகத்தின் பெயரை இதில் எழுதாமல் தனி உறையில் வைத்திருக்கிறோம். கோப்பு எண்களையும் இங்கே மாற்றித்தான் சொல்கிறோம்.

எங்கள் மனு அங்கே பதிவானபோது ந.க.எண்.4127/2023/அ2 என்ற எண் விழுந்தது. 4127 வரிசை எண், 2023 கோப்பு தொடங்கிய ஆண்டு, அ2 அதைக் கவனிக்கும் இருக்கை. கோப்பு முடிகிற வரை இந்த எண் மாறாது. அடுத்த ஆண்டு கடிதம் போனாலும் அதில் 2023 என்றுதான் இருக்க வேண்டும். நடைமுறை இதுதான், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரே கோப்பிலிருந்து நாலைந்து கடிதங்கள் போகும்போது எல்லாவற்றிலும் இதே எண் இருப்பதால், ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட நாள் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்த நாள்தான் எங்கள் கடிதத்தில் இல்லை.

அலுவலகங்களில் கடிதம் எப்படிப் பிறக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எழுத்தர் வரைவு வைப்பார், அதிகாரி ஒப்புதல் தருவார், தூய நகல் எடுத்துச் சரிபார்த்துக் கையொப்பத்துக்குப் போகும், அப்புறம் அனுப்புகைப் பிரிவுக்கு வரும். எந்த நாளில் வெளியேறும் என்று முன்கூட்டித் தெரியாததால் "நாள்:    .06.2024" என்று தேதிக்கு இடம் விட்டுத் தட்டச்சு செய்கிறார்கள். உறையில் போடும் நாளில் அனுப்புகை எழுத்தர் அந்த இடத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும், அதே நாளை அலுவலக நகலிலும் எழுத வேண்டும். எங்களுக்கு வந்த கடிதத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. "இக்கடித நாளிலிருந்து 15 நாட்களுக்குள்" ஆவணங்களைத் தர வேண்டும் என்று மட்டும் அதில் உள்ளது.

அலுவலக நகலில் வரைவு ஒப்புதலான 03.06.2024 என்ற நாள் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அனுப்புகைப் பதிவேட்டில் அந்தக் கடிதம் போன நாள் 21.06.2024. மூன்றாம் தேதியிலிருந்து எண்ணினால் 15 நாள் கெடு பதினெட்டாம் தேதியே முடிந்துவிடுகிறது. அதாவது கடிதம் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே காலம் கடந்துவிட்டது. சாதாரணத் தபாலில் எங்கள் கைக்கு வந்தது 25ஆம் தேதி. மூன்றாம் தேதி அனுப்பியிருந்தால் மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் எல்லோரும் கரையில் இருந்தோம். தடை 14ஆம் தேதி முடிந்ததும் படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இருந்தும் ஜூலை 1ஆம் தேதி ஆவணங்களை நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். ஆகஸ்ட் 5ஆம் தேதி வந்த ஆணையோ 03.06.2024 நாளிட்ட கடிதத்தைப் பார்வையில் காட்டி, காலம் கடந்தது என்று முடித்திருக்கிறது. எங்கள் கையில் இருக்கும் நாளில்லாத கடிதம்தான் அது என்று எடுத்துக்காட்டவே எங்களுக்கு வழியில்லாமல் இருந்தது.

பதிவேட்டைப் பார்த்தும் எளிதில் உறுதி செய்ய முடியவில்லை. ஜூன் மாதத்தில் அந்தக் கோப்பிலிருந்து மூன்று கடிதங்கள் போயிருக்கின்றன: எங்களுக்கு ஒன்று, கிராம நிர்வாக அலுவலருக்கு ஒன்று, கருத்து கேட்டு வேறொரு துறைக்கு ஒன்று. மூன்றுக்கும் எண் 4127. 21ஆம் தேதிப் பதிவில் மட்டும்தான் பெறுநர் "சங்கம்" என்று இருந்தது. அது இல்லையென்றால் எங்களால் எதுவும் நிரூபித்திருக்க முடியாது.

அந்த வேறு துறை எங்களுக்குச் சாதகமாகவே பதில் எழுதியது. ஆனால் அந்தத் துறைக்குப் போன கடிதம் 2024ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதால் பார்வையில் 4127/2024 என்று குறித்துவிட்டார்கள். அப்படி ஒரு கோப்பு அந்த இருக்கையில் இல்லை. எனவே அந்தப் பதில் புதுத் தபாலாகக் கருதப்பட்டு, 2986/2024/அ4 என்று வேறு இருக்கையில் புது எண் பெற்றது. எங்கள் கோப்பு அ2-வில் முடிக்கப்பட்ட நாளில், அதற்கு வேண்டிய பதில் அ4-ல் தனியாகக் கிடந்தது. இரண்டையும் இணைக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இதைத் தீர்க்கப் புது முறை எதுவும் தேவையில்லை. தலைமைச் செயலகத்திலிருந்து வரும் கடிதங்களில் ஆண்டுக்குப் பின்னால் -1, -2 என்று ஒரு எண் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரே கோப்பிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அப்படி ஒரு துணை எண் கொடுத்து, அதை அனுப்புகைப் பதிவேட்டிலும் முழுதாக எழுதினால் போதும். பதில் எழுதுபவர் ஆண்டைத் தவறாகக் குறித்தாலும், கொஞ்சம் தேடினால் கோப்பைப் பிடித்துவிடலாம். தேதியை அனுப்பும் நாளில் இரு நகல்களிலும் நிரப்பச் சொல்லுங்கள். நாள் எழுதாத கடிதத்தை அனுப்புகைப் பிரிவு வாங்கக் கூடாது என்று ஓர் அறிவுரை போதும். கெடு வைக்கும் கடிதங்களில் "கடிதம் கிடைத்த நாளிலிருந்து" என்று எழுதி, விரைவு அஞ்சலில் அனுப்பி, அந்த அஞ்சல் எண்ணையும் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று அவசரமானது. எங்கள் கோப்பு ஓ.மு. என்று, அதாவது ஓராண்டு முடிவாகப் பதிவறைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. ஓராண்டு முடிந்தால் அதை அழித்துவிடலாம். பழைய வரைபட நகல், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நிலத்தின் எல்லை பற்றிய கோப்பை இந்த வகையில் முடித்தது சரியல்ல என்று நினைக்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(அ) ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைக்கச் சொல்கிறது.

ஆகவே, அந்தக் கோப்பு அழிக்கப்படாமல் இருக்க உடனே உத்தரவிட்டு, அ4-ல் உள்ள பதிலை அதோடு சேர்த்து, 21.06.2024 என்ற உண்மையான அனுப்புகை நாளைக் கணக்கில் கொண்டு மனுவை மீண்டும் பரிசீலிக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கடிதங்களின் துணை எண், நாள் குறித்த அறிவுரையை மாவட்டத்தின் எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினால், தொண்டி முதல் ராமேசுவரம் வரை எங்களைப் போல் மனுவோடு அலையும் கடற்கரை ஊர்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
சங்க உறுப்பினர்களுக்காக.

இணைப்பு:
நாள் இல்லாத கடிதத்தின் நகல். அதன் அலுவலக நகல். அனுப்புகைப் பதிவேட்டின் 21.06.2024 நாளிட்ட பக்கம், 01.07.2024 ஒப்புகை, 05.08.2024 ஆணை, வேறு துறையின் பதில், அலுவலகப் பெயரும் உண்மையான கோப்பு எண்களும் கொண்ட மூடிய உறை.