சான்றிதழ் எடுக்கலாமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்கள் ஆகிவிட்டன. எட்டு ஆண்டுகளாகத் தரவுத்தள வேலை பார்க்கிறேன், இனி ஆட்களையும் வேலைகளையும் ஒருங்கிணைக்கும் பொறுப்புக்குப் போக வேண்டும், திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழ் எடுத்தால் வழி பிறக்குமா என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிய நாலாவது மாதத்தில்தான் நான் என் வேலையிலேயே பெரிய தவறைச் செய்தேன். அதை மறைத்துவிட்டு உனக்கு யோசனை சொல்ல மனம் வரவில்லை.

முதலில் விண்ணப்பத்தைப் பார்ப்போம். தேர்வுக் கட்டணம் கட்டும் முன்பே அது உனக்குப் பாதி விடையைத் தந்துவிடும். நான் 2022-இல் விண்ணப்பித்தபோது, சான்றிதழை வழங்கும் பி.எம்.ஐ. அமைப்பின் விதி இதுதான்: நான்காண்டுப் பட்டம் பெற்றவர் கடந்த 8 ஆண்டுகளுக்குள் 36 மாதங்களாவது திட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும், 35 மணி நேர வகுப்பும் முடித்திருக்க வேண்டும். விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், நீ விண்ணப்பிக்கும் நேரத்தில் அப்போதைய கையேட்டைப் படித்துக்கொள். உன் பதவியின் பெயர் திட்ட மேலாளர் என்று இருக்க வேண்டிய கட்டாயமில்லை. திட்டத்தில் வேலை பார்த்தாயா என்று அவர்கள் கேட்பதில்லை. நடத்தினாயா என்று கேட்கிறார்கள். இந்த இடத்தில்தான் நம்மைப் போன்ற தொழில்நுட்பக்காரர்கள் கணக்கைத் தவறவிடுகிறோம்.

நீ எழுதியிருந்த மூன்று வேலைகளையே எடுத்துக்கொள்கிறேன். பதிப்பு உயர்வு 7 மாதம், தரவு மையம் மாற்றியது 11 மாதம், கிளை அலுவலகங்களின் தரவை ஒன்றாக்கியது 9 மாதம். கூட்டினால் 27 வருகிறது. ஆனால் முதல் இரண்டு வேலைகளும் 4 மாதங்கள் ஒரே சமயத்தில் நடந்தன என்று நீயே சொல்கிறாய். ஒரே மாதத்தில் இரண்டு திட்டங்கள் ஓடினாலும் அதை ஒரு மாதமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆக, 23. இன்னும் 13 மாதம் வேண்டும். அந்த 23-லும் கிளை அலுவலக வேலையில் அட்டவணை போட்டது யார், தாமதம் வந்தபோது மேலிடத்துக்குச் சொன்னது யார் என்று உன்னையே கேட்டுப்பார். அது உன் மேலாளர் என்றால் அந்த 9 மாதத்தையும் கழித்துவிடு. வார்த்தைகளை நீட்டி நிரப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுக்கிறார்கள். அப்போது அந்தந்தத் திட்டத்தை அறிந்த மேலதிகாரியின் கையொப்பம் தேவைப்படும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: உனக்கு எந்த அனுபவம் குறைகிறது என்று இந்தப் படிவம் காட்டுவதுபோல வேறெதுவும் காட்டாது. அதை நிரப்பி ஏமாற்றினால் நஷ்டம் உனக்குத்தான்.

நான் எழுதியபோது தேர்வு 230 நிமிடங்கள், 180 கேள்விகள். 2021-இல் நடைமுறைக்கு வந்த அப்போதைய பாடத்திட்டத்தில் 42 சதவீதம் மனிதர்களைப் பற்றியது, 50 சதவீதம் செயல்முறை, மீதி 8 வணிகச் சூழல். சூத்திரங்கள் சொற்பம். பெரும்பாலும் ஒரு சூழ்நிலையைச் சொல்லி, முதலில் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். உதாரணத்துக்கு, வாடிக்கையாளர் உன் குழுவில் இருக்கும் ஒருவரிடம் நேரடியாகப் பேசி ஓர் அறிக்கையில் இரண்டு பத்திகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லிவிட்டார், பத்து நிமிட வேலைதான், என்ன செய்வாய்? பயிற்சித் தேர்வுகளில் நான் திரும்பத் திரும்ப 'செய்து கொடுத்துவிடு' என்பதையே தேர்ந்தெடுத்தேன். அவர்கள் எதிர்பார்க்கும் விடை வேறு: அந்த மாற்றம் எதையெல்லாம் தொடுகிறது என்று பார், பிறகு மாற்றக் கோரிக்கைக்கான முறையான வழியில் கொண்டுபோ. நம் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை அடக்கப் பழக்குவதுதான் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை. ஆனால் தாளில் அடங்கிய கை, இரவு வேலையில் அடங்கவில்லை.

அந்த இரவைச் சொல்கிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசித் தரவுத்தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். ஒருங்கிணைப்புப் பொறுப்பு முதன்முறையாக என்னுடையது. சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை எட்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். செயலிகளை நிறுத்த அரை மணி, கடைசித் தரவை நகலெடுத்து முடிக்க இரண்டு மணி, புதிய சர்வரைத் திறக்க ஒரு மணி, நெட்வொர்க்கில் முகவரிகளை மாற்றிச் செயலிகளை இணைக்க ஒரு மணி, சோதனைக்கு ஒன்றரை மணி. மொத்தம் ஆறு மணி நேரம், இரண்டு மணி நேரம் மிச்சம். ஏதாவது கோளாறானால் பழைய சர்வருக்கே திரும்பவும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று ஒத்திகையில் பார்த்திருந்தோம். அப்படியானால் தொடரலாமா, திரும்பலாமா என்று முடிவெடுக்கக் கடைசி நேரம் 4 மணி. இதையெல்லாம் நான் அட்டவணையில் எழுதி வைத்திருந்தேன். படித்தது வீண்போகவில்லை என்று அப்போது நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு முடிய வேண்டிய நகலெடுப்பு முடியவில்லை. ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த அறையில் தரவுத்தளம் நன்றாகத் தெரிந்தவள் நான்தான், உடனே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு பதிவாகத் தோண்டி, காரணத்தைக் கண்டுபிடித்தபோது மணி 2:50. வாரந்தோறும் சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குப் பழைய சர்வரில் தானாக ஓடும் முழு பேக்கப்பை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. அது வட்டின் வேகத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. பேக்கப்பைப் பார்த்துக்கொள்பவர்கள் சேமிப்பகக் குழுவினர். அவர்களிடம் நான் சொல்லவே இல்லை. அதை நிறுத்தியதும் நகலெடுப்பு வேகம் பிடித்து 4:20-க்கு முடிந்தது.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மற்றவை கண்ணில் பட்டன. நெட்வொர்க் பொறியாளர் என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக மூன்று மணி நேரமாகக் காத்திருந்தார். இரண்டு மணிக்கு வரச் சொன்ன மூன்று சோதனையாளர்களில் ஒருவர், எந்தத் தகவலும் இல்லாததால் வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு மணிக்குக் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியவள் திரைக்குள் புகுந்திருந்தேன். திரும்பும் நேரம் கடந்துவிட்டதால் தொடர்ந்தோம். வேலை முடிந்தபோது காலை 9:40. ஆறு மணியிலிருந்து பிரீமியம் கட்ட முடியாமல் தவித்தவர்கள் வாடிக்கையாளர் மையத்தை அழைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது, அவர்களுக்கும் நான் சொல்லவில்லை.

என்னவெல்லாம் பிசகலாம் என்று முன்பே எழுதி வைத்திருந்த என் இடர்ப் பதிவேட்டைத் திங்கட்கிழமை திறந்து பார்த்தேன். பதினேழு வரிகள். 'நகலெடுப்பு தாமதமாகலாம்' என்பது மூன்றாவது வரியிலேயே இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் வேண்டும் என்று படிப்பு சொல்லியிருந்தது, நானும் நிரப்பியிருந்தேன். பதினேழில் பதினான்கில் என் பெயர். அந்தப் பொறுப்பாளர் பத்தியைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு பத்தி வேண்டும் என்பதைச் சான்றிதழ் கற்றுத்தந்தது. அதில் இன்னொருவர் பெயரை எழுதிவிட்டு, அவர் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எப்படி என்பதை அந்த இரவுதான் கற்றுத்தந்தது.

ஆறு மாதம் கழித்து அதே போன்ற இன்னொரு மாற்றத்தை நடத்தினேன். பதிவேட்டில் என் பெயர் இரண்டு வரிகளில் மட்டும் இருந்தது. பழைய சர்வரில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் தரும் பொறுப்பு சேமிப்பகக் குழுவுடையது. நகலெடுப்பைப் பார்க்க என்னைவிட இளைய ஒருவரை உட்காரவைத்தேன். அவர் என்னைவிட மெதுவாகத்தான் வேலை செய்தார், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு வேதனையாக இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை எல்லாருக்கும் நிலவரம் சொன்னேன். ஒரு படி நாற்பது நிமிடம் தாமதமானபோது சோதனையாளர்களை அழைத்து மூன்று மணிக்கு வந்தால் போதும் என்றேன். ஐந்தே காலுக்கு முடிந்தது. முதல் இரவு எங்கே பிசகினேன் என்று எனக்குச் சொல்லிக்காட்டிய சொற்கள் படிப்பிலிருந்து வந்தவைதான்: எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது, எது தாமதித்தால் முடிவு தள்ளிப்போகும், எந்தச் செய்தி யாருக்கு எப்போது போக வேண்டும். அதனால் அந்தப் படிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். நடந்ததைப் புரிந்துகொள்ள அது உதவியது, அது நடந்த பிறகு.

சரி, வேலை கிடைக்குமா? உன்னை அறியாதவர்கள் உன்னைச் சலித்தெடுக்கும் இடங்களில் உதவும். நம் நாட்டு அரசு மென்பொருள் டெண்டர்கள் பலவற்றில் திட்ட மேலாளருக்கு இந்தச் சான்றிதழ் இருந்தால் தொழில்நுட்ப மதிப்பீட்டில் மதிப்பெண் உண்டு. அந்த வேலையை எடுக்க முனையும் நிறுவனத்துக்குச் சான்றிதழ் பெற்ற ஆள் தேவை. வேலை மாறும்போது விண்ணப்பங்களைப் பிரிப்பவர்களும் அதைப் பார்க்கிறார்கள். ஆனால் உன் அலுவலகத்துக்குள் நிலைமை வேறு. எட்டு ஆண்டுகளாக உன்னைப் பார்ப்பவர்களுக்கு நீ நடுராத்திரியில் அழைத்தால் சிக்கலை அவிழ்ப்பவள். பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துகளைப் பார்த்தாலும் அடுத்த சிக்கலுக்கு உன்னைத்தான் திரைமுன் உட்காரவைப்பார்கள். இன்னொருவர் அவிழ்ப்பதை நீ நடத்திக்கொடுத்து அவர்கள் பார்க்க வேண்டும்.

அதனால் இப்போதைக்குக் காசைக் கட்டாதே. அதே அமைப்பு தொடக்க நிலையினருக்கு நடத்தும், அனுபவ மாதங்கள் கேட்காத சி.ஏ.பி.எம். தேர்வும் இருக்கிறது, எட்டு ஆண்டு வேலை பார்த்த உனக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் அலுவலகத்தில் வரும் பேரிடர் மீட்பு ஒத்திகையை, அதாவது சர்வர்கள் விழுந்தால் மீட்டெடுக்க முடிகிறதா என்று பார்க்கும் ஒத்திகையை, ஒருங்கிணைக்கும் வேலையைக் கேட்டு வாங்கு. யாரும் விரும்பி எடுக்காத வேலை என்பதால் மேலாளர் மறுக்க மாட்டார். ஐந்து குழுக்கள் வேண்டும், தேதி வேண்டும், முடிவு நேரம் வேண்டும். நன்றாக முடிந்தால் அடுத்த பதிப்பு உயர்வைக் கேள். 13 மாதங்கள் சேர்ந்த பிறகு 35 மணி நேர வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம். வாங்கிய பிறகும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை 60 தொழில் மேம்பாட்டுப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்.

ஒத்திகை வேலை கைக்கு வந்ததும் இடர்ப் பதிவேட்டின் முதல் வரைவை எனக்கு அனுப்பு. பொறுப்பாளர் பத்தியில் உன் பெயர் எத்தனை முறை வருகிறது என்று முதலில் எண்ணிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா