‘காதலுடன், அத்தை’

அன்புள்ள கோமதி,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆறு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டு பாக்கி இருக்கிறது, தெரியும். அதற்கு முன் உன் ஆங்கிலக் கதை மொழிபெயர்ப்பைப் பற்றி அவசரமாக ஒன்று.

அடிப்பாவி, லீட்ஸில் இருக்கும் அந்த அத்தை மருமகனுக்கு எழுதும் கடிதத்தை ‘காதலுடன், அத்தை’ என்றா முடிப்பாய்? அத்தை மகள் எழுதினாலாவது முறை சரியாக இருக்கும்! அவர்கள் ஊரில் அம்மா, அத்தை, பழைய சிநேகிதி எல்லோரும் கடைசியில் ‘லவ்’ போடுவார்கள். வெறும் ‘அன்புடன்’ போட்டாலும் போதாது. அதை ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நோட்டீஸில்கூடப் போடுகிறான். ‘உன் அன்பு அத்தை’ என்று எழுது. அந்த ‘உன்’னில்தான் சூடு இருக்கிறது.

பெயருக்குப் பின்னால் அவள் போடும் குட்டி எக்ஸ், முத்தக் குறி. அங்கே சாதாரணம். முப்பது வயதுக்காரனுக்கு ‘முத்தங்களுடன்’ என்று நீ எழுதியது நெளிய வைக்கிறது. எடுத்துவிட்டு, கையெழுத்துக்கு முந்தின வரியில் ‘வேளாவேளைக்குச் சாப்பிடு’ என்று சேர். நம் அத்தைகள் முத்தத்தை அங்கேதான் வைப்பார்கள்.

‘சியர்ஸ்’ஸை அப்படியே விட்டிருக்கிறாய். நம் ஆட்கள் படித்தால் கையில் கிளாஸ் தெரியும். பிரிட்டனில் அது நன்றிக்கும் ஆகும், போய்வருகிறேனுக்கும் ஆகும். ஆகவே மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார். உதவி கேட்டிருந்தால் ‘நன்றிப்பா’, சும்மா பேச்சு என்றால் ‘மற்றவை நேரில்’.

உண்மையில் என்னை உறுத்தியது டேவிட்டின் மூன்று மின்னஞ்சல்கள்தான். முதலில் ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’, பழகிய பின் ‘சியர்ஸ்’, சண்டைக்குப் பிறகு மொட்டையாக ‘ரிகார்ட்ஸ்’. ஆங்கில வாசகனுக்கு அந்தக் கடைசிச் சொல்லிலேயே உறவு முறிந்தது தெரிந்துவிடும். நீ மூன்றுக்கும் ‘மரியாதையுடன்’ போட்டதால் சண்டையே காணாமல் போய்விட்டது. கையெழுத்துக்கு மேலே போட வேறு சொல் தேடி அலையாதே, நமக்கு அந்த வேலையைச் செய்வது விளி. முதல் மின்னஞ்சலில் ‘நீங்கள்’, கீழே ‘அன்புடன்’. இரண்டாவதில் ‘நீ’, கீழே வெறும் பெயர். மூன்றாவதில் மறுபடி ‘நீங்கள்’, ‘அன்புள்ள’ கிடையாது, கடைசியில் ‘நன்றி, வணக்கம்’. நேற்றுவரை ‘வாடா’ என்றவன் ‘வணக்கம்’ போட்டால் கதவைச் சாத்திவிட்டான் என்று எவனுக்கும் புரியும்.

நகராட்சிக்கு எழுதும் புகாரில் ‘தங்கள் உண்மையுள்ள’ சரிதான். பள்ளிக்கூட விடுப்புக் கடிதம் மாதிரி இருக்கிறது, அந்தக் கிழவருக்குப் பொருத்தம்.

டேவிட் பகுதியைத் திருத்தி முதலில் அனுப்பு.

மற்றவை நேரில், திட்டு உட்பட.

உன்
மீனா